நாமினி வருவதற்கு முன்னால் யார்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வயது 74. ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. சேமிப்புக் கணக்கில் இரண்டு லட்சம், எஃப்.டி.யில் ஒன்பது லட்சம். எல்லாம் அவர் ஒருவர் பெயரில். நாமினி, பெங்களூரில் இருக்கும் மகன். போதாக்குறைக்கு, முன்யோசனையோடு மகன் பெயருக்கு ஒரு பவர் பத்திரமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் தைரியமாக இருந்தார்கள்.

சேலம் மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். பெரியவருக்கு நினைவில்லை. மகன் வங்கிக்கு ஓடுகிறான். அங்கே கிடைக்கும் பதில் இது: “நீங்கள் நாமினிதான். ஆனால் அப்பா இருக்கிறாரே.”

நம் வீடுகளில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். நாமினி என்பது கணக்குக்காரர் இறந்த பிறகு பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதற்காக மட்டும் வங்கி வைத்திருக்கும் பெயர். உயிரோடு படுத்திருக்கும் ஆறு மாதமோ ஆறு வருடமோ, அந்தப் பெயருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

சரி, பவர் பத்திரம்? அதுவும் நெருக்கடியில் கைவிட்டுவிடும். பவர் வாங்கியவர் ஒரு முகவர். எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவர் உறவு முடிந்துவிடுகிறது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போது செல்லும் பத்திரம், மறதிநோய் முற்றியதும் செல்லாது. சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள்: நினைவு தப்பிய பிறகு நடைமுறைக்கு வரும்படி அங்கே ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்ய முடியும். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலாவது, சொத்தை நிர்வகிக்க ஒருவரை மாவட்ட நீதிமன்றம் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பகுதியையே விட்டுவிட்டது. சட்டம் இயற்றியவர்கள் செய்த பெரிய பிழை என்றே அதைச் சொல்வேன்.

இந்த ஓட்டைக்குள் விழுந்த ஒரு குடும்பத்தின் வழக்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சென்னைக்காரர் ஒருவர் அந்த ஆண்டு பிப்ரவரியில் கோமாவுக்குப் போய்விட்டார். சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பணம் தேவை. அவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறுமான சொத்து இருந்தும் மனைவியால் அதைத் தொட முடியவில்லை. தன்னைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு சொல்லி ஏப்ரலில் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பாலாஜி அமர்வு மே மாதம் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. சொத்தை விற்கலாம், ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் எஃப்.டி.யாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான தீர்ப்புதான். ஆனால் நோயாளியின் படுக்கையருகே இருக்க வேண்டியவர் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

அந்த வாசல் ஏறாமல் இருக்க என்ன வழி? நம் ஏற்காட்டுப் பெரியவர் ஒரு வருடம் முன்னால் வங்கிக்குப் போயிருந்தால், சேமிப்புக் கணக்கை மனைவியோடு சேர்த்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறைக்கு மாற்றியிருக்கலாம். வங்கியில் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்றால் புரிந்துகொள்வார்கள். அவர் படுத்துவிட்டாலும் மனைவியின் கையெழுத்தில் பணம் வரும்; காப்பி விற்ற பணம் அதே கணக்கில் விழும், அறுவடைக் கூலியும் நிற்காது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஃப்.டி.யை இதே முறையில் போட்டாலும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே ஒரு மருத்துவச் செலவுக்கு ஆகும் தொகையாவது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மனைவிக்குப் பதில் பிள்ளையைச் சேர்த்தால் இன்னொரு ஆபத்து: நாளைக்கே அவர் முழுத்தொகையையும் எடுத்தாலும் வங்கி தடுக்காது. நம்பிக்கை இருக்கும் அளவுக்குத்தான் அந்தக் கணக்கில் பணம் வைக்க வேண்டும்.

நினைவு இருக்கிறது, கைதான் ஓடவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கைரேகை அல்லது கால்விரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன் வாங்கிக்கொண்டு பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும்.

இறந்த பிறகு நாமினி வருகிறார். அப்போதும் அவர் சொந்தக்காரர் அல்ல. பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர். 1984-இல் காப்பீட்டுத் தொகை பற்றியும், 2023 டிசம்பரில் பங்குகள் பற்றியும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. (காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியானால் தொகை அவர்களுக்கே.) யாருக்கு எவ்வளவு என்று உயிலில்தான் சொல்ல முடியும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு நாமினிகள் வரை சதவீதம் பிரித்து எழுதலாம். அது உயிலுக்கு மாற்று என்று நினைத்துவிட வேண்டாம்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். மத்திய அரசு தனியே அறிவிக்காதவரை, இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. வழக்கம் என்ன என்பதே கேள்வியாகிவிடும். மகளுக்கும் பங்கு என்று நினைக்கும் தகப்பன் வாயால் சொல்லி விட்டுவிடாமல், வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

இனி மருத்துவம். மீளவே முடியாத நிலையில் இயந்திரத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதுவே ‘லிவிங் வில்’. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது; 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஸட்டட் அலுவலர் போதும். தன் சார்பில் முடிவைச் சொல்ல ஒருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ அதில் பெயரிட வேண்டும். பிரதி ஒன்று குடும்ப மருத்துவரிடமும், ஒன்று உள்ளாட்சி அலுவலரிடமும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பிரதிதான் தகராறு: மகாராஷ்டிரத்தில் மருத்துவர் நிகில் தாதார் வழக்குத் தொடுத்த பிறகே அதற்கான அலுவலர்களை நியமித்தார்கள். பெயரிடப்பட்டவர் சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திவிட மாட்டார்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பத்திரம் மீளாத நிலைக்கு மட்டுமே. மூளையில் உறைந்த ரத்தத்தை எடுக்கும் அவசர அறுவைக்கு, மருத்துவமனை அப்போது பக்கத்தில் நிற்கும் உறவினரிடம்தான் கையெழுத்து கேட்கும். மகன் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை பேச வேண்டியவர் யார், அப்பா சாப்பிடும் மாத்திரைகள் எவை, எந்த மருந்து ஒவ்வாது என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைப்பதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. சேலத்திலேயே இருக்கும் மகளின் பெயரை அதில் எழுதலாம். சொத்து யாருக்கு என்பது வேறு கேள்வி. அரை ராத்திரியில் போன் எடுப்பவர் யார் என்பதுதான் இங்கே முக்கியம்.

இந்த வாரம் அம்மா அப்பாவின் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாமினி பதிவானது அச்சாகியிருக்கிறதா, கணக்கு எத்தனை பேர் பெயரில் இருக்கிறது என்பது அங்கேயே தெரியும். ஒரே பெயர்தான் என்றால், அவர்கள் வங்கிப் படி ஏறக்கூடிய தெம்போடு இருக்கும்போதே கூட்டிப் போய்விடுங்கள்.