வாடகை உயர்வு: எந்தத் தொகையிலிருந்து கணக்கிடுவது?

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். தெருவைப் பார்த்து இரண்டு மூன்று கடைகள், பின்னால் சரக்கு போட்டுவைக்கச் சின்ன அறைகள். எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையாளர். ஆனால் வாடகை ஒன்றுபோல் இருக்காது. ஒருவர் 2022இல் வந்தவர், இன்னொருவர் போன தீபாவளிக்கு வந்தவர். உயர்வு ஐந்து சதவீதம் என்று எல்லோரிடமும் பேசியிருந்தாலும், அதை ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் தனித்தனியாகக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, மனதுக்குத் தோன்றியபடி ஐம்பதுக்கோ நூறுக்கோ ரவுண்டு செய்து நோட்டில் எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றில் எது கையில் இருந்தாலும், இந்த வேலையை ஒரு வரிச் சூத்திரத்தில் முடிக்கலாம். சூத்திரம் எளிது. கவனம் தேவைப்படுவது ரவுண்டு செய்யும் இடத்தில்தான். அங்கே தவறினால் சிலருக்கு வாடகை ஏறவே ஏறாது. சிலருக்குப் பேசியதைப்போல் இரண்டு மடங்கு ஏறும்.

முதலில் தாளின் அமைப்பு. A பத்தியில் கதவு எண். B பத்தியில் குடியேறிய தேதி. C பத்தியில் அன்று பேசிய வாடகை. D, E இரண்டும் கணக்குக்கு. எல்லா வீட்டுக்கும் பொதுவானவற்றை ஒதுக்குப்புறமாக H பத்தியில் வைக்கலாம்: H1இல் 5%, H2இல் எத்தனை ரூபாய்க்கு ரவுண்டு செய்வது என்பது, உதாரணமாக 50, H3இல் எந்தத் தேதிக்கு வாடகை வேண்டுமோ அந்தத் தேதி. முதல் வரியில் தலைப்புகள், இரண்டாம் வரியிலிருந்து வீடுகள்.

பலரும் முதலில் எழுதும் சூத்திரம் இதுதான்:

```
=C2*(1+H1)
```

இரண்டாம் வரிக்கு இது சரியான விடை தரும். அதைப் பிடித்துக் கீழே இழுத்ததும் சிக்கல் வருகிறது. வரி ஒன்று இறங்கும்போது C2 என்பது C3 ஆவது நமக்கு வேண்டியதுதான். ஆனால் H1உம் கூடவே H2 ஆகிவிடும். H2இல் 50 இருப்பதால், அடுத்த வீட்டுக்கு வாடகை 51 மடங்காகத் தெரியும். இது கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. அதற்கும் கீழே H4, H5 என்று காலிக் கட்டங்கள் வரும்போது உயர்வு பூஜ்யமாகி, பழைய வாடகையே புது வாடகையாக நிற்கும். தொகை நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். H1ஐ `$H$1` என்று எழுதிவிட்டால் அது நகராது. டாலர் குறி இருக்கிறதா என்று அறிய, கடைசி வீட்டின் கட்டத்தைத் தொட்டு அதன் சூத்திரத்தைப் படித்துப் பார்த்தால் போதும்.

அடுத்தது ரவுண்டு. `MROUND` என்ற செயற்கூறு, கொடுத்த தொகையை நாம் சொல்லும் எண்ணின் மிக அருகிலுள்ள மடங்குக்குக் கொண்டுவரும். சரிபாதியில் நின்றால் மேலே தள்ளும். 7,200 ரூபாய் வாடகை ஐந்து சதவீதம் ஏறினால் 7,560. ஐம்பதுக்கு ரவுண்டு செய்தால் 7,550. இதுவரை நல்லது. இப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, இந்த 7,550ஐ அடுத்த ஆண்டின் தொடக்கத் தொகையாக வைத்துக்கொண்டு மறுபடி ஐந்து சதவீதம் ஏற்றி, மறுபடி ரவுண்டு செய்வது. ஆண்டுக்கு ஒரு புதுப் பத்தி, அதற்கு அடுத்த ஆண்டு இன்னொன்று.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பின்னாலுள்ள சரக்கு அறைகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஓர் அறைக்கு வாடகை 900 ரூபாய், பக்கத்து அறைக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஐந்து சதவீதம், நூறு ரூபாய்க்கு ரவுண்டு.

900 ரூபாய் 945 ஆகிறது. அருகிலுள்ள நூறு 900தான். அடுத்த ஆண்டும் 900இலிருந்தே தொடங்குவதால் மீண்டும் 945, மீண்டும் 900. ஐந்து ஆண்டு ஆனாலும் ஐம்பது ஆண்டு ஆனாலும் அந்த அறைக்கு 900தான்.

பக்கத்து அறையின் 1,000 ரூபாய் 1,050 ஆகிறது. சரிபாதி என்பதால் 1,100க்கு ஏறுகிறது. முதல் ஆண்டிலேயே பத்து சதவீத உயர்வு. அடுத்து 1,155, அது 1,200. பிறகு 1,300, 1,400, ஐந்தாம் ஆண்டில் 1,500. ஒப்பந்தப்படி உண்மையில் வந்திருக்க வேண்டியது 1,276 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசத்தில் தொடங்கிய இரண்டு அறைகள், ஒரே சதவீதத்தில், ஐந்து ஆண்டில் 600 ரூபாய் விலகிவிட்டன. இரண்டு பக்கமும் அநியாயம் நடந்திருக்கிறது: முதல் அறையில் உரிமையாளருக்கு, இரண்டாவது அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு.

வீட்டு வாடகையில் இவ்வளவு கோரமாகத் தெரியாது. 3,800 ரூபாய் வீட்டை ஐம்பதுக்கு ரவுண்டு செய்துகொண்டே போனாலும் ஐந்தாம் ஆண்டில் சரியான 4,850தான் வரும். ஆனால் 3,200 ரூபாய் வீட்டை நூறுக்கு ரவுண்டு செய்துகொண்டு போனால் 3,400, 3,600, 3,800, 4,000, 4,200 என்று ஏறும். சரியான கணக்கு 4,084, அதாவது 4,100. மாதம் நூறு ரூபாய் என்பது ஆண்டுக்கு 1,200. டெய்லர் வேலையில் இருப்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

தீர்வு, ரவுண்டு செய்த தொகையை மறுபடி கணக்குக்குள் விடாமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் குடியேறிய அன்று பேசிய வாடகையிலிருந்தே தொடங்கி, இதுவரை எத்தனை உயர்வு வந்திருக்கிறதோ அத்தனை முறை பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு தடவை ரவுண்டு செய்ய வேண்டும்.

```
=MROUND(C2*(1+$H$1)^D2,$H$2)
```

இதை E2இல் எழுதிக் கீழே இழுக்கலாம். D2இல் இருப்பது உயர்வுகளின் எண்ணிக்கை. அந்த 900 ரூபாய் அறை இந்த முறையில் 900, 1,000, 1,000, 1,100, 1,100 என்று போகும். நின்றுபோகவில்லை, ஆனால் தாவித் தாவி ஏறுகிறது. காரணம், அந்த வாடகைக்கு நூறு ரூபாய் என்பது மிகப் பெரிய படி. பத்து ரூபாய்க்கு ரவுண்டு செய்தால் 950, 990, 1,040, 1,090, 1,150 என்று சீராக ஏறும்.

படியின் அளவை முடிவு செய்ய ஒரு சின்னக் கணக்கு உதவும். ரவுண்டு செய்வதால் அதிகபட்சம் படியில் பாதி அளவு கூடவோ குறையவோ செய்யலாம். 4,000 ரூபாய் வீட்டுக்கு நூறு ரூபாய்ப் படி என்றால் ஐம்பது ரூபாய், அதாவது வாடகையில் ஒன்றேகால் சதவீதம்; முதல் உயர்வே மூன்றே முக்காலுக்கும் ஆறேகாலுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஐம்பது ரூபாய்ப் படி என்றால் அந்த ஆட்டம் பாதியாகிறது. எனவே வாடகைக்குத் தகுந்தபடி படியை மாற்றுவது நல்லது. அதற்கு `$H$2` இருக்கும் இடத்தில் இப்படி எழுதலாம்:

```
IF(C2<2000,10,IF(C2<10000,50,100))
```

2,000க்குக் கீழே பத்து, 10,000க்குக் கீழே ஐம்பது, மற்றவற்றுக்கு நூறு. இந்த எல்லைகள் அவரவர் வசதி. இன்றைக்கு யுபிஐயில் வாடகை அனுப்புபவருக்கு 3,890 என்பதும் 3,900 என்பதும் ஒன்றுதான். சில்லறைத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. அதனால் சின்னப் படியே நியாயம்.

இனி அந்த D பத்தி. ஆண்டுக்கு ஒரு முறை உயர்வு என்றால், குடியேறிய தேதிக்கும் H3இல் உள்ள தேதிக்கும் இடையே முழுதாக முடிந்த ஆண்டுகளை எண்ண வேண்டும்:

```
=DATEDIF(B2,$H$3,"y")
```

ஆனால் நம் ஊரில் பல ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம் இது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் உயர்வு என்று பேசியிருந்தால், மாதங்களை எண்ணிப் பதினொன்றால் வகுக்க வேண்டும்:

```
=INT(DATEDIF(B2,$H$3,"m")/11)
```

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 2022 ஜூன் 1 அன்று 3,200 ரூபாய்க்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். 2026 ஏப்ரல் 1 அன்று 46 மாதம் முடிந்திருக்கும். ஆண்டுக் கணக்கில் மூன்று உயர்வு: 3,704, ரவுண்டு செய்தால் 3,700. பதினொரு மாதக் கணக்கில் நான்கு உயர்வு: 3,890, ரவுண்டு செய்தால் 3,900. ‘வருஷத்துக்கு அஞ்சு பர்சென்ட்’ என்று வாயால் பேசிவிட்டு, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவது வாக்குக்கு மாறானது. எந்தச் சூத்திரம் சரி என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முடிவு செய்யும்.

நடைமுறையில் இந்தத் தாளைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். மூன்றாம் வீட்டுக்காரர் வந்து, “அண்ணா, இந்த வருஷம் ஆர்டர் இல்லை, ஒரு இருநூறு குறைச்சுக்குங்க” என்கிறார். உரிமையாளர் சம்மதித்து, சூத்திரம் இருந்த கட்டத்தின் மேலேயே 3,700 என்று தட்டிவிடுகிறார். சூத்திரம் அழிந்துவிட்டது. அடுத்த ஆண்டு தேதியை மாற்றும்போது எல்லா வீடும் ஏறும். அந்த ஒரு வீடு மட்டும் அசையாது. குறைத்த தொகைக்கு F பத்தியில் தனி இடம் வைத்து, E பத்தியைத் தொடாமல் விடுவதே வழி. குறைப்பு நிரந்தரம் என்று பேசினால், அந்தத் தொகையைப் புது அடிப்படை வாடகையாக C பத்தியிலும், பேசிய தேதியை B பத்தியிலும் மாற்றிவிட வேண்டும். வீடு காலியாகிப் புதியவர் வரும்போதும் இதேதான்.

ஒப்பந்தத்தில் ‘ஐந்து சதவீதத்துக்கு மிகாமல்’ என்று இருந்தால் `MROUND` பொருந்தாது. அது சில வீடுகளில் வரம்பைத் தாண்டிவிடும். அங்கே `FLOOR` போட்டால் குடியேறிய நாள் வாடகையிலிருந்து கணக்கிட்ட தொகையை எப்போதும் கீழ்நோக்கியே ரவுண்டு செய்யும். `CEILING` எப்போதும் மேல்நோக்கி. ஒப்பந்தத்தில் சொல்லாமல் மேல்நோக்கி ரவுண்டு செய்வது, பேசாத உயர்வை வசூலிப்பதாகும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதும்போது சதவீதத்தோடு நிறுத்திவிடாமல், உயர்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தத் தொகையிலிருந்து கணக்கிடப்படும், எத்தனை ரூபாய்க்கு எந்தப் பக்கம் ரவுண்டு செய்யப்படும் என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவராக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.