கணக்கிலக்கம் மாறிய கடிதம்

தேற்றாத்தீவில் ஒரு கமக்காரர் சங்கம் களுவாஞ்சிக்குடிக் கடையொன்றில் வேலிக் கம்பி வாங்கியதென வைத்துக்கொள்வோம். பணம் கட்டும் நாளில் கடையின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம், புதிய இலக்கத்திற்கு அனுப்பவேண்டுமாம்.

பொருளாளர் முதலில் பணத்தை நிறுத்தவேண்டும். பிறகு கடையுடன் பேசவேண்டும். கடிதத்திலுள்ள தொலைபேசி இலக்கத்திற்கல்ல, பழைய பற்றுச்சீட்டில் உள்ளதற்கு. கடிதம் கள்ளனுடையதானால் அதிலுள்ள இலக்கமும் அவனுடையதுதானே! நேரில் போய்வருவது இன்னும் நல்லது.

முதலாளி “ஓம், மாற்றினோம்” என்றாலும், அவர் கையொப்பமிட்ட கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஆகியவற்றைக் கேட்டு வாங்குவோம். பற்றுச்சீட்டில் வற் வரி சேர்ந்திருந்தால் வற் பதிவு இலக்கமும் வேண்டும். கணக்கு தனி ஆளின் பெயரில் இருந்தால், சான்றிதழில் உரிமையாளராக அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம்.

கடையின் பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. லித்துவேனியரான எவால்டாஸ் ரிமசௌஸ்காஸ், தாய்வானின் குவாண்டா கம்பனியின் அதே பெயரில் லத்வியாவில் ஒரு கம்பனியைப் பதிந்தார். 2013 முதல் 2015 வரை பொய்ப் பற்றுச்சீட்டுகள் காட்டி, கூகுள், பேஸ்புக் நிறுவனங்களிடம் 10 கோடி டொலருக்கு மேல் கறந்தார். 2019இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை. பெயர் சரியாகவே இருந்தது. பதிவும் கணக்கும் வேறு.

எல்லாம் பொருந்தினாலும் முதலில் நூறு ரூபாய் அனுப்பி, கிடைத்ததா என்று பழைய இலக்கத்திலேயே கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புவோம்.