மூன்று சமன்பாடுகள் இருந்தும் போதவில்லை

என் மகள் எட்டாம் வகுப்பு. சென்ற வாரம் அவள் கொண்டுவந்த வடிவியல் பயிற்சித்தாளில் ஒரு கணக்கின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். "அப்பா, இதுல என்ன தப்பு? மூணும் சமம்னு காட்டிட்டேனே" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது.

கணக்கு இதுதான். முக்கோணம் ABC-இல் AB = AC. BC-இன் மேல் D ஒரு புள்ளி. A-யையும் D-யையும் இணைத்தால் கிடைக்கும் ABD, ACD ஆகிய இரண்டு முக்கோணங்களும் சர்வசமமா? ஆம் என்று எழுதி, அவள் மூன்று காரணங்கள் கொடுத்திருந்தாள்: AB = AC என்று கணக்கிலேயே இருக்கிறது; AD இரண்டுக்கும் பொதுப் பக்கம்; இருசமபக்க முக்கோணம் என்பதால் ∠B = ∠C. மூன்றுமே உண்மை. ஆனாலும் முடிவு தவறு.

சர்வசமம் என்றால் ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால், வேண்டுமானால் புரட்டி வைத்தாலும், விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டும். முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம் என ஆறு அளவுகள் உண்டு. ஆறையும் ஒப்பிட வேண்டியதில்லை, சரியான மூன்று போதும் என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறோம். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செங்கோண முக்கோணத்துக்கு மட்டும் செ-க-ப. இந்தப் பட்டியலைப் பார்க்கும் பிள்ளை, 'ஏதாவது மூன்று' என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. என் மகள் காட்டியது கோணம், பக்கம், பக்கம் என்ற வரிசை. அது பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால்தான் விளங்கும். அன்று மாலை இருவரும் கவராயத்தோடு உட்கார்ந்தோம்.

முதலில் அடியில் ஒரு நீளமான கோடு. அதன் இடது முனையில் P. அங்கே கோணமானியால் 30° கோணம் எடுத்து, சாய்ந்த கோட்டில் 8 செ.மீ. அளந்து Q என்று குறித்தோம். இப்போது கோணமும் ஒரு பக்கமும் தயார். அடுத்த பக்கம் Q-விலிருந்து கிளம்பி அடிக்கோட்டைத் தொட வேண்டும். அதன் நீளம் 5 செ.மீ. எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோணம் நமக்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். எனவே கவராயத்தை 5 செ.மீ. விரித்து, முள்ளை Q-வில் ஊன்றி வில் வரைந்தாள்.

வில் அடிக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டியது. P-யிலிருந்து சுமார் 3.9 செ.மீ. தூரத்தில் ஒன்று, அதை R என்றோம். சுமார் 9.9 செ.மீ. தூரத்தில் மற்றொன்று, அது S. PQR ஒரு முக்கோணம், PQS இன்னொரு முக்கோணம். இரண்டிலும் 30° கோணம், 8 செ.மீ. பக்கம், 5 செ.மீ. பக்கம். ஆனால் ஒன்று ஒல்லியானது, மற்றது அதைப்போல் இரண்டரை மடங்கு பரப்புள்ளது. ஒரே மூன்று அளவுகளைச் சொல்லி இருவரிடம் வரையச் சொன்னால், இருவரும் பிழையே செய்யாமல் வேறு வேறு முக்கோணங்களைக் கொண்டுவரலாம்.

கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. 30° கோணத்தின் ஒரு கையில் 8 செ.மீ., மறு கையில் 5 செ.மீ. அளந்துவிட்டால் இரண்டு முனைகளும் அசையாமல் நின்றுவிடும். அவற்றை இணைக்க ஒரே ஒரு கோடுதான் உண்டு. அதுதான் ப-கோ-ப. நாங்கள் வரைந்ததில் 5 செ.மீ. பக்கம் Q-வில் கட்டிய ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. முன்னால் ஆடும்போது ஒருமுறையும் பின்னால் ஆடும்போது ஒருமுறையும் தரையைத் தொடுகிறது.

ஊஞ்சலின் நீளத்தை மாற்றிப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஆர்வம் பிடித்தது. Q-விலிருந்து அடிக்கோட்டுக்கு நேர் செங்குத்துத் தூரம் 4 செ.மீ. ஆகவே 3 செ.மீ. எடுத்தால் வில் கோட்டை எட்டவே எட்டாது, முக்கோணமே இல்லை. சரியாக 4 எடுத்தால் வில் கோட்டை ஒரே இடத்தில் தொட்டுவிட்டுப் போகும். செங்கோண முக்கோணம் ஒன்று கிடைக்கும். 4-க்கும் 8-க்கும் இடையில் எதை எடுத்தாலும் இரண்டு. 9 எடுத்தால் வில் இரண்டு இடங்களில் வெட்டத்தான் செய்கிறது, ஆனால் ஒரு வெட்டு P-க்குப் பின்னால், கோட்டை இடப்பக்கம் நீட்டினால்தான் வருகிறது. அங்கே P-யில் உள்ள கோணம் 30° இல்லை, 150°. அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்.

ஆக, கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சிறியதாக இல்லாவிட்டால் கோணம்-பக்கம்-பக்கமும் முக்கோணத்தை உறுதியாக நிறுத்திவிடுகிறது. செ-க-ப ஏன் செல்லுபடியாகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. செங்கோணம், கர்ணம், பக்கம் என்பதும் கோணம்-பக்கம்-பக்கம்தானே? ஆனால் அங்கே செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். செங்கோண முக்கோணத்தில் எப்போதும் அதுதான் பெரிய பக்கம். அதனால் ஆபத்து தானாகவே விலகிவிடுகிறது. பாடநூலில் செ-க-ப தனி விதியாக நிற்பதால் இந்த உறவு பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

யூக்ளிட் 'எலிமென்ட்ஸ்' முதல் புத்தகத்தில் ப-கோ-ப நான்காம் தேற்றமாகவும், ப-ப-ப எட்டாம் தேற்றமாகவும், இரு கோணமும் ஒரு பக்கமும் 26-ஆம் தேற்றமாகவும் வருகின்றன. எங்கள் வழக்குக்கு அங்கே இடமில்லை. ஆறாம் புத்தகத்தின் ஏழாம் தேற்றத்தில், வடிவொத்த முக்கோணங்களைப் பேசும்போது, அதை எடுக்கிறார். எடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் விதிக்கிறார். மிச்சமுள்ள கோணம் இரண்டு முக்கோணங்களிலும் செங்கோணத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது இரண்டிலும் குறையாமல் இருக்க வேண்டும். எங்கள் படத்தில் R-இல் உள்ள கோணம் சுமார் 127°, S-இல் சுமார் 53°. ஒன்று விரிகோணம், மற்றது குறுங்கோணம், கூட்டினால் 180°. QR-உம் QS-உம் சமம் என்பதால் QRS இருசமபக்க முக்கோணம். அதனால்தான் இந்தக் கூட்டுத்தொகை எந்த அளவை எடுத்தாலும் மாறாது.

பயிற்சித்தாளில் இதைக் கண்டுபிடிக்க எழுத்துகளைப் பார்த்தாலே போதும். அவள் சமம் என்று காட்டிய பக்கங்கள் AB, AD. இரண்டிலும் வரும் எழுத்து A. நடுவில் உள்ள கோணம் A-யில்தான் இருக்க முடியும். அவள் எடுத்ததோ B-யில் உள்ள கோணம். படத்தில் D கிட்டத்தட்ட நடுவில் இருந்ததால் கண்ணும் அவளை ஏமாற்றிவிட்டது. D நடுப்புள்ளி என்று கணக்கு எங்கும் சொல்லவில்லை.

கடைசியில் PQR, PQS இரண்டையும் தனித்தனித் தாளில் வரைந்து கத்தரித்தாள். ஒன்றைப் புரட்டி, இரண்டின் 5 செ.மீ. பக்கங்களையும் Q-வோடு Q சேரும்படி ஒட்டச் சொன்னேன். 127°-உம் 53°-உம் சேர்ந்து அடிப்பக்கம் ஒரே நேர்கோடானது. இரு புறமும் 8 செ.மீ., இரு அடிக்கோணமும் 30°. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், மேல் உச்சியில் A என்றும், ஒட்டிய இடத்தின் அடியில் D என்றும் எழுதினாள்.