குரங்குக்குப் பக்கத்தில் யார்?

அஜந்தா 17-ஆம் குகையில் குரங்கு வரும் ஜாதகக் கதைகள் மூன்று இருக்கின்றன. முகத்தை மட்டும் பார்த்து எது எந்தக் கதை என்று சொல்ல முடியாது. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை வரைந்தவர்கள் அடையாளத்தை வேறு இடத்தில் வைத்தார்கள்: பக்கத்தில் யார் நிற்கிறார்கள், குரங்கு என்ன செய்கிறது என்பதில்.

ஆறும் அரசனும் வில்லாளிகளும் இருந்தால் அது மகாகபி. வில்லாளிகளிடமிருந்து தன் கூட்டத்தை அக்கரை சேர்க்க, தலைவன் ஒரு கொடியை மரத்தில் கட்டி மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாவுகிறது. ஆற்றின் அகலத்தை அளந்தது, இடுப்பைச் சுற்றும் நீளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கொடி எட்டாமல் போக, உடம்பையே பாலமாக நீட்டுகிறது. பர்ஹுத் ஸ்தூபியின் தூண் வட்டச் சிற்பத்தில் இந்தப் பாலத்துக்குக் கீழே இரண்டு பேர் துணியை விரித்துப் பிடித்திருப்பார்கள். அந்தத் துணி ஒன்றே கதையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது கதையில் பள்ளத்தில் விழுந்த ஒரு மனிதனைக் குரங்கு தூக்கிக் காப்பாற்றுகிறது. மூன்றாவதில் அது எருமையின் முதுகில் உட்கார்ந்து அதன் கண்களைப் பொத்துகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டிலும் போதிசத்துவர் குரங்கு. இதிலோ குரங்கு வெறும் குறும்புக்காரன். பொறுமையாக நிற்கும் எருமைதான் போதிசத்துவர். துணை மாறினால் குரங்கின் குணமே மாறிவிடுகிறது.

இன்னொரு தொல்லை, சுவரில் கட்டங்கள் இல்லை. ஒரே குரங்கைக் காட்சிக்குக் காட்சி திரும்பத் திரும்ப வரைந்திருப்பார்கள். காமிக்ஸ் படித்துப் பழகிய கண் அதைக் குரங்குக் கூட்டம் என்று எண்ணிக்கொள்ளும்.

1967-இல் தொடங்கிய அமர் சித்ர கதா போன்ற காமிக்ஸ் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவிட்டது. கட்டம் போட்டது, மேலே ஒரு வரி விளக்கம், வாயருகே பேச்சுக்குமிழி. பெயர் எழுதுவது புதுமை ஒன்றுமில்லை. அஜந்தாவுக்குப் பல நூற்றாண்டு முந்திய பர்ஹுத்திலேயே பல சிற்பங்களுக்குக் கதையின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் குமிழிக்குப் பழகியதால் நாம் எழுத்தைப் படிக்கிறோம், உடம்பைப் படிப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. காமிக்ஸிலும் குமிழிகளை விரலால் மறைத்துப் பாருங்கள்: நடு ஆற்றில் முதலையின் முதுகில் குரங்கு உட்கார்ந்திருந்தால், இதயத்தை மரத்திலேயே விட்டுவந்த கதை என்று குழந்தைகூடச் சொல்லும். நல்ல ஓவியர் பழைய துணையையும் நிலையையும் கைவிடவில்லை.

அஜந்தாச் சுவர்களில் பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. முகம் போன இடத்தில் வில்லின் வளைவோ எருமைக் கொம்போ மிஞ்சியிருக்கலாம். அங்கே போனால் குரங்கைத் தேடாதீர்கள், அதன் துணையைத் தேடுங்கள்.