நிறுவனத்தின் பெயர் சொல்லாத வேலை அழைப்பு

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: "எங்கள் கிளையன்டுக்கு ஜாவா டெவலப்பர் அவசரமாகத் தேவை. அனுபவம் 5 முதல் 10 ஆண்டு. ரெஸ்யூமே, இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் அனுப்பவும்." வேலை தேடுபவரைப் பற்றி எல்லாம் கேட்கும் இந்தச் செய்தி, வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வேலைவாய்ப்புத் தளத்தில் 'ஜாவா' என்று தேடிக் கிடைத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கும்.

நிறுவனத்தின் பெயரை மறைப்பதற்குக் காரணம் உண்டு. ஆளைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்கு, அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு கட்டணமாகக் கிடைக்கிறது. பெயர் தெரிந்து அவர் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் அது போய்விடும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பெயர் தெரியாமல் ரெஸ்யூமே அனுப்புவதில் நஷ்டம் விண்ணப்பதாரருக்குத்தான். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஏஜென்சிகள் அவர் பெயரை அனுப்பினால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அதைத் தவிர்க்க நிறுவனம் அவரையே ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது.

ஆகவே ரெஸ்யூமேயை இணைக்காமல், சுருக்கமாக இப்படிப் பதில் எழுதலாம்:

"தொடர்புகொண்டதற்கு நன்றி. நிறுவனத்தின் பெயர், வேலை விவரம், பணியிடம், சம்பள வரம்பு ஆகியவற்றை அனுப்புங்கள். சம்பளத்தில் நிரந்தரப் பகுதி எவ்வளவு, நான் யாருடைய பேரோலில் இருப்பேன் என்பதையும் சொல்லுங்கள். பொருத்தமாக இருந்தால் ரெஸ்யூமே அனுப்புகிறேன். என் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்."

கடைசி இரண்டு கேள்விகள் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இப்போது 14 லட்சம் சிடிசி வாங்குபவருக்கு "18 லட்சம் வரை" என்று பதில் வருகிறது. பிரித்துப் பார்த்தால் அதில் 3 லட்சம் வேரியபிள், நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்த்து 1 லட்சம். நிரந்தரச் சம்பளம் 14 லட்சம்தான். அவருடைய இப்போதைய சிடிசியில் வேரியபிள் இல்லை. பிஎஃப், கிராஜுவிட்டி 1 லட்சம் போக நிரந்தரச் சம்பளம் 13 லட்சம். 4 லட்சமாகத் தெரிந்த உயர்வில் உறுதியானது 1 லட்சம் மட்டுமே. பேரோல் வேறொரு கான்ட்ராக்ட் நிறுவனத்துடையது என்றால், ஒப்பந்தம் முடியும்போது வேலையும் முடியக்கூடும்.

"முதலில் உங்கள் எதிர்பார்ப்பைச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்பார்கள். "இந்த வேலைக்கு ஒதுக்கிய பட்ஜெட்டைச் சொன்னால், பொருந்துமா என்று உடனே சொல்கிறேன்" என்பதே போதும். கலிஃபோர்னியாவில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லாததால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

உண்மையான வேலை கையில் இருப்பவர் பெரும்பாலும் விவரம் தருவார். எழுத்தில் பெயர் சொல்லத் தயங்கினால் போனிலாவது சொல்வார். பதிலே வராவிட்டால், அது பட்டியல் சேர்க்க அனுப்பிய செய்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். விவரத்துக்குப் பதிலாகப் பதிவுக் கட்டணமோ ஆதார் நகலோ கேட்டால், அத்தோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும்.