சனிக்கிழமைக் கணக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் உண்மை. இனி வரும் சங்கமும் அதன் எழுத்தரும் கற்பனை. ஆனால் அவர் சந்தித்த சிக்கல், ஆற்றங்கரையில் இருக்கும் எந்தத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் வரக்கூடியதுதான்.

தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது உள்ளே முழங்கால் அளவு சேறு. பேரேடுகள் ஊதிப் பெருத்து, பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. கணினி சேற்றுக்குள் இருந்தது. தினமும் மாலையில் கணக்கை நகலெடுத்து வைத்த பென் டிரைவும் அதே மேசை இழுப்பறையில் இருந்ததால் அதுவும் போயிற்று.

எழுத்தரிடம் இன்னொரு நகல் இருந்தது. சங்கத்தின் ரொக்கத்தைக் கட்ட வெள்ளிக்கிழமைதோறும் மத்திய கூட்டுறவு வங்கியின் நகரக் கிளைக்குப் போவார். போகும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, முந்தைய வாரம் கொடுத்ததை வாங்கி வருவார். ஆக, இரண்டில் ஒன்று எப்போதும் கிளையின் மாடி அலமாரியில் இருக்கும். ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கும் கட்டடம் அது. உறுப்பினர்களின் கணக்கு விவரம் அடங்கியது என்பதால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் உண்டு. அந்தச் சொல்லை எழுதிய முத்திரையிட்ட உறை ஒன்று கிளை மேலாளரிடம் இருந்தது.

நகல் இருந்தால் போதாது, அது திறக்கவும் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அவர் வேறொரு கணினியில் அதைத் திறந்து, நான்கைந்து உறுப்பினர்களின் நிலுவையைச் சரிபார்ப்பார். ஒருமுறை, பல வாரங்களாக நகல் கோப்பின் அளவு கூடாமல் அப்படியே இருப்பதைக் கவனித்தார். தினமும் வரவு செலவு நடக்கும் இடத்தில் அது கூடியே ஆக வேண்டும். பார்த்தால், மென்பொருளைப் புதுப்பித்தபோது கணக்கு வேறு கோப்புறைக்கு மாறியிருந்தது, நகலெடுத்ததெல்லாம் பழையது. அன்றே சரிசெய்தார். இல்லையென்றால் வெள்ளத்துக்குப் பிறகு அவர் கையில் பழங்கணக்குதான் இருந்திருக்கும்.

முதலில் கூட்டம் கூடியது நகைக்கடன் வாங்கியவர்கள்தான். பெட்டகத்துக்குள்ளும் நீர் புகுந்திருந்தது. தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சில பைகளின் சீட்டில் மை கரைந்து எண் அழிந்திருந்தது. “எழுத்தே இல்லையே அக்கா, எங்கம்மா சங்கிலிய எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று ஒரு பெண் கலங்கினார். “எடையை வச்சுக் கண்டுபிடிச்சுருவோம், பதறாதீங்க” என்றார் எழுத்தர். நகலில் ஒவ்வொரு கடனுக்கும் நகையின் வகை, எண்ணிக்கை, கிராம் எடை எல்லாம் இருந்தன. நகை மதிப்பீட்டாளர் உறுப்பினர்களின் முன்னிலையில் எடைபோட, ஒவ்வொரு பையும் தன் கடன் எண்ணோடு பொருந்தியது.

மிஞ்சியது ஒரே ஒரு நாள். நகல் டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை மாலையோடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழை தொடங்கியது. இடையில் சனிக்கிழமை நடந்த வரவு செலவுக்கு ஊறிப்போன ரசீது அடிக்கட்டைகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வெள்ளிக்கிழமை இறுதி ரொக்கம் 52,150 ரூபாய் என்று நகல் சொன்னது. சனிக்கிழமை பணம் கட்டியவர்கள் தங்கள் ரசீதைக் கொண்டுவரும்படி ஊரில் சொல்லியனுப்பினார்கள். வந்த ரசீதுகளின் கூட்டு 21,250. சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தவர்களின் பாஸ்புக்கைப் பார்த்ததில் 30,000 வெளியே போயிருந்தது. அப்படியானால் பெட்டகத்தில் 43,400 இருக்க வேண்டும். நனைந்த நோட்டுகளை உலர்த்தி எண்ணினால் 38,400தான் இருந்தது.

ஐயாயிரம் குறைந்ததும் செயலாளருக்கு முகம் மாறியது. எழுத்தர் அவசரப்பட்டு எதையும் எழுதவில்லை. இன்னும் யார் வரவில்லை என்று உறுப்பினர் பட்டியலைப் பார்த்து விசாரித்தார். நிவாரண முகாமில் இருந்த ஒரு பெரியவரின் பாஸ்புக்கில், சனிக்கிழமை தேதியிட்டு அவருடைய கையெழுத்திலேயே 5,000 ரூபாய் பற்று இருந்தது. கணக்கு நேரானது. மறுபடி எழுதிய ஒவ்வொரு பதிவிலும் உறுப்பினர், எழுத்தர், செயலாளர் மூவரும் கையெழுத்திட்டார்கள். எந்தச் சான்றைக் கொண்டு எழுதியது என்பதும் பக்கத்திலேயே குறிக்கப்பட்டது. தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சுமார் 63,000 சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைப்பது அப்போது அதன் நோக்கமாக இருந்தது. கணக்கு அன்றன்றே வெளியே உள்ள சர்வருக்குப் போய்விட்டால், சனிக்கிழமை இடைவெளி போன்றது பெரும்பாலும் வராது. ஆனால் கடன் விண்ணப்பமும் பிணைக் கையெழுத்தும் காகிதத்தில்தான் இருக்கின்றன. கணினி நகல் அவற்றைக் காப்பாற்றாது. அதனால் எழுத்தர் இப்போது புதுக்கடன் கொடுக்கும் அன்றே அந்தத் தாள்களைப் படம் பிடித்து, வெள்ளிக்கிழமை டிஸ்க்கில் சேர்த்துவிடுகிறார். மூலத்தாள்களைத் தரையிலிருந்து ஏழடி உயரப் பரணில் வைத்திருக்கிறார்.