தகப்பன் கொடுத்த அங்கி

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் யோசேப்பின் கதை ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. பொறாமை பிடித்த அண்ணன்மார், நல்ல தம்பி, குழி, எகிப்து, கடைசியில் கண்ணீரோடு மன்னிப்பு. வகுப்பு முடிவதற்குள், 'நீயும் உன் அண்ணனை, அக்காளை மன்னித்துவிடு' என்று சொல்லி ஜெபம் செய்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் நிஜமாகவே ஓரவஞ்சனையை அனுபவிக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு இந்த வகுப்பு எதையும் கொடுப்பதில்லை. அதன் கோபம் பாவம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது.

ஆதியாகமம் அப்படிச் சொல்லவில்லை. அண்ணன்மாரின் குற்றத்தை மூடி மறைக்காத அந்தப் புத்தகம், அந்தக் குற்றம் முளைத்த நிலத்தையும் காட்டுகிறது. அந்த நிலம் யாக்கோபின் கூடாரம்.

யாக்கோபும் பாரபட்சத்தில் வளர்ந்தவன்தான். தகப்பன் ஈசாக்குக்கு ஏசாவைப் பிடித்தது. தாய் ரெபெக்காளுக்கு யாக்கோபைப் பிடித்தது. அந்த வீடு எப்படி உடைந்தது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதையே செய்தான். 33ஆம் அதிகாரத்தில் ஏசா 400 பேரோடு வருகிறான் என்று பயந்து, குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். வேலைக்காரிகளும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் முதலில், லேயாளும் அவள் பிள்ளைகளும் அடுத்து, ராகேலும் யோசேப்பும் கடைசியில். வெட்டு விழுந்தால் யார்மேல் முதலில் விழ வேண்டும் என்பதைத் தகப்பனே முடிவு செய்துவிட்டான். வரிசையின் முன்னால் நின்ற பையன்கள் பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பலவருண அங்கி வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தங்கள் இடம் தெரிந்துவிட்டது.

பிறகுதான் 37ஆம் அதிகாரம். யோசேப்புக்கு 17 வயது. அண்ணன்மாரின் தப்புகளை அப்பாவிடம் வந்து சொல்கிற பிள்ளை. தான் கண்ட கனவுகளை அவர்களிடமே விவரிக்கிற பிள்ளை. அவனோடு அவர்களால் நல்ல வார்த்தை பேச முடியவில்லை என்று வேதம் சொல்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த யாக்கோபு, அதே பையனை எபிரோனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த சீகேமுக்குத் தனியாக அனுப்புகிறான். அவன் அண்ணன்மாரைத் தேடித் தோத்தான் வரை நடக்கிறான். அந்த அங்கியும் அவன் மேல் இருக்கிறது.

அவன் வந்து சேர்ந்ததும் அவர்கள் முதலில் கை வைத்தது அங்கியில்தான். அதைக் கழற்றிய பிறகே குழியில் போட்டார்கள். அங்கியை ஆட்டுக்கடா இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்பியபோது, 'எங்கள் தம்பியின் அங்கி' என்று அவர்கள் சொல்லவில்லை. இது உம்முடைய மகனின் அங்கிதானா பாரும் என்று கேட்டார்கள். கோபம் உண்மையில் யார்மேல் என்பது அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிடுகிறது. அப்பாவிடம் கேட்க முடியாத நியாயத்தை அண்ணன்மார் தம்பியின் உடம்பில் தீர்த்துக்கொண்டார்கள்.

வாலிபர் வகுப்பு தொடங்க வேண்டிய இடம் இது. வீட்டில் செல்லப் பிள்ளையாக இருப்பது அந்தப் பிள்ளை கேட்டு வாங்கிய பதவி அல்ல. தங்கைக்குப் புது போன், அண்ணனுக்குப் பழைய போன் என்றால், அதைக் கொடுத்த கை பெற்றோருடையது. தங்கையின் போனை ஒளித்துவைப்பதும் அவளோடு பேச்சை நிறுத்துவதும் தோத்தான் வழி. 'எனக்கு ஏன் இல்லை என்று காரணம் சொல்லுங்கள்' என்று அப்பாவிடமே கேட்பது இன்னொரு வழி. அமாண்டா கோவல், லாரி கிரேமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் பேசி 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. பெற்றோர் வேறுபாடு காட்டுவதைப் பிள்ளைகள் எல்லா நேரமும் அநியாயம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தம்பி சின்னவன், அக்காளுக்கு உடம்பு சரியில்லை என்பதுபோலக் காரணம் புரிந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். யாக்கோபு தன் பிள்ளைகளுக்குக் காரணம் எதுவும் சொன்னதாகப் பதிவில்லை.

அடுத்து, எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் மன்னிப்பு. தோத்தான் காட்சியில் குழிக்குள் கிடக்கும் யோசேப்பின் குரல் ஒரு சொல்லாகக்கூடப் பதிவாகவில்லை. அவன் கெஞ்சி அழுதான் என்பதே 42ஆம் அதிகாரத்தில்தான், அண்ணன்மாரின் வாயால் வெளிவருகிறது. எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பை அடையாளம் தெரியாமல் அவன் முன் நிற்கும் அவர்கள், மொழிபெயர்ப்பாளன் வழியாகப் பேசும் அந்த அதிகாரிக்குத் தங்கள் பாஷை தெரியாது என்று நினைத்து, பழைய குற்றத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். யோசேப்பு ஒதுங்கிப் போய் அழுகிறான். ஆனால் திரும்பி வந்து அவர்களைக் கட்டிக்கொள்ளவில்லை; அவர்கள் கண்முன்னே சிமியோனைக் கட்டுவிக்கிறான்.

பார்வோனுக்கு முன்னால் நின்றபோது அவனுக்கு 30 வயது. செழிப்பு ஏழு வருஷம், பஞ்சம் இரண்டு வருஷம். கூட்டிப் பார்த்தால், தன்னை யாரென்று வெளிப்படுத்தியபோது அவனுக்கு ஏறக்குறைய 39. விற்கப்பட்டு 22 வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன் அவன் சோதித்துப் பார்த்தான். விருந்தில் தன் தம்பி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து பங்கு வைத்தான்; அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து, அவனைத் திருடனாக நிறுத்தினான். பழைய நிலைமை மறுபடி உருவாக்கப்பட்டது: தகப்பனின் செல்லப் பிள்ளை ஒருவன், கைவிட்டுப் போக வசதியான சாக்கு ஒன்று.

யூதா முன்னே வருகிறான். தம்பியை விற்கலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னவன் அவன்தான். இப்போது தகப்பன் சொன்னதை அதிகாரியிடம் அப்படியே எடுத்துச் சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்றாராம் அப்பா. யூதா லேயாளின் மகன். அந்தக் கணக்கில் அவன் தாய் மனைவியும் அல்ல, அவன் பிள்ளையும் அல்ல. தகப்பனின் ஓரவஞ்சனை 22 வருஷத்தில் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் யூதா அந்தக் கோபத்தைப் பென்யமீன்மேல் இறக்கவில்லை. அவனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறான். யோசேப்பு அடக்கமுடியாமல் அழுதது அதற்குப் பிறகுதான்.

பிதாக்களைக் குறை சொன்னால் பிள்ளைகள் பெற்றோரை மதிக்கமாட்டார்கள் என்று சில போதகர்கள் அஞ்சுகிறார்கள். வேதமே மறைக்காததை வகுப்பில் மறைப்பதில் மரியாதை எதுவும் இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 'உடனே மன்னித்துவிடு' என்ற பாடத்தைக் கேட்கும் கூட்டத்தில் வீட்டில் அடி வாங்கும் பிள்ளையும் இருக்கலாம், சொந்தக்காரரின் அத்துமீறலை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் வாய்ப்பூட்டு. பலகையில் வசனத்தை எழுதும் ஆசிரியர், பக்கத்திலேயே 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணையும் எழுத வேண்டும். யோசேப்பு மன்னித்தபோது அதிகாரம் அவன் கையில் இருந்தது, பதினொருவரும் அவனுக்கு முன் நின்றார்கள். குழிக்குள் கிடந்தபோது அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை.

பெரும்பாலான பாடங்கள் 45ஆம் அதிகாரத்தின் அணைப்போடு நின்றுவிடுகின்றன. 50ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறக்கிறான். அத்தனை வருஷமும் யோசேப்பு போட்ட சோற்றைச் சாப்பிட்ட அண்ணன்மார், அப்பா போன பிறகு அவன் பழிவாங்குவான் என்று நடுங்கி, அப்பா சொன்னதாக ஒரு செய்தியை அனுப்புகிறார்கள். யோசேப்பு மறுபடி அழுகிறான், மறுபடி ஆறுதல் சொல்கிறான். அண்ணனோடு ஒருமுறை சமாதானமாகி, அடுத்த மாதமே மனம் மறுபடி கசக்கும் பிள்ளை தன்னைத் தோற்றுப்போனதாக நினைக்கத் தேவையில்லை. யோசேப்பின் வீட்டில் இந்த வேலை 39 வருஷம் ஆகியும் முடிந்திருக்கவில்லை.